ஒன்றுக்கு ஐந்நூறு

1981 ஜூலை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள ஹெடிங்லி மைதானம். ஆஸ்திரேலியா 401 ரன் எடுத்து டிக்ளேர் செய்திருந்தது. இங்கிலாந்து 174 ரன்னில் சுருண்டு, ஃபாலோ ஆன் வாங்கி, மறுபடியும் மட்டை பிடிக்க வந்திருந்தது. அந்த நிலையில் இங்கிலாந்தின் வெற்றிக்கு லாட்புரோக்ஸ் என்ற பந்தய நிறுவனம் கொடுத்த விகிதம் ஸ்கோர்போர்டில் தெரிந்தது: 500/1. அதைப் பார்த்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்குக் கை சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தின் மேல் 10 பவுண்டு கட்டினார். விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் 5 பவுண்டு கட்டினார். அதாவது, தங்கள் அணியே தோற்கும் என்று.

பிறகு நடந்ததைக் கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இயன் போத்தம் ஆட்டமிழக்காமல் 149. ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு வெறும் 130. பாப் வில்லிஸ் 43 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுக்க, ஆஸ்திரேலியா 111 ரன்னில் முடிந்தது. லில்லிக்கு 5,000 பவுண்டு, மார்ஷுக்கு 2,500 பவுண்டு லாபம். இன்றைக்கு ஒரு வீரர் தான் ஆடும் போட்டியில் பந்தயம் கட்டினால் ஐசிசி விதிப்படி தடை நிச்சயம். அன்று பத்திரிகைகளில் புருவங்கள் உயர்ந்ததோடு சரி.

அந்த 500/1 என்ற எண்ணை ஐரோப்பாவிலோ ஆஸ்திரேலியாவிலோ எழுதியிருந்தால் 501.00 என்று போட்டிருப்பார்கள். அமெரிக்காவில் +50000. மூன்றும் ஒரே பந்தயம், ஒரே பணம். ஆங்கில விளையாட்டுச் செய்தியையோ, அமெரிக்கத் தேர்தல் சமயத்து அலசலையோ, ஆஸ்கார் விருதுக்கு முந்தைய ஆரூடங்களையோ படிக்கிற தமிழ் வாசகர் இந்த மூன்று வடிவங்களையும் மாறி மாறிச் சந்திக்கிறார். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியா 2025இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஆனால் பந்தயம் கட்டாதவருக்கும் அந்த எண் ஒரு தகவல்தான். யாருக்கு எவ்வளவு வாய்ப்பு இருப்பதாகச் சந்தை நினைக்கிறது என்பது அதற்குள் இருக்கிறது.

முதலில் பின்ன முறை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும், குறிப்பாகக் குதிரைப் பந்தயத்தில், இன்றும் இதுதான் ஆட்சி. இதைக் கீழிருந்து மேலாகப் படித்தால் குழப்பமே வராது. 500/1 என்றால் ஒன்றுக்கு ஐந்நூறு. 7/2 என்றால் இரண்டுக்கு ஏழு. கீழே உள்ளதைக் கட்டினால், ஜெயிக்கும்போது மேலே உள்ளது லாபமாகக் கிடைக்கும். கட்டிய பணம் தனியாகத் திரும்பி வரும். 7/2 விகிதத்தில் 100 ரூபாய் கட்டினால் லாபம் 350 ரூபாய், கையில் வருவது 450 ரூபாய். லில்லியின் 10 பவுண்டுக்கு லாபம் 5,000, கட்டிய 10 பவுண்டு அதற்கு மேல்.

மேலே சின்ன எண்ணும் கீழே பெரிய எண்ணும் வந்தால், அது ஜெயிக்க வாய்ப்பு அதிகமுள்ள ஃபேவரிட் என்று பொருள். 4/6 என்றால் ஆறு கட்டினால்தான் நான்கு லாபம். இந்த வகையில் புகழ்பெற்ற உதாரணம் 1973இல் நியூயார்க்கின் பெல்மான்ட் பந்தயத்தில் ஓடிய செக்ரடேரியட் என்ற குதிரை. அதன் விகிதம் 1/10. பத்து டாலர் கட்டியவருக்கு ஒரே ஒரு டாலர் லாபம். 31 குதிரை நீளம் முன்னால் ஓடி அது ஜெயித்தது. 2 டாலர் சீட்டுக்குக் கிடைத்தது 2 டாலர் 20 சென்ட். வென்ற சீட்டுகளில் 5,617 சீட்டுகளை யாரும் கொடுத்துப் பணமாக்கவே இல்லை. இருபது சென்ட்டைவிட அந்தக் காகிதத்தை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்வது மேல் என்று பலர் முடிவு செய்துவிட்டார்கள். சரியான கணக்குதான்.

பின்ன முறையில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் எரிச்சலடையும் விஷயம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் புக்கிகள் பின்னத்தைச் சுருக்க மாட்டார்கள். 3/2 என்று எழுதாமல் 6/4 என்பார்கள். 10/3 என்பதற்கு 100/30. பழக்கம்தான் காரணம். 5/4, 6/4, 7/4 என்று வரிசையாக நான்கின் கீழ் வைத்துப் பார்த்தால் அடுத்தடுத்த படிகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்ற வசதியும் உண்டு. கட்டியதற்குச் சமமாக லாபம் என்றால் 1/1 என்று எழுதுவதில்லை, ‘ஈவன்ஸ்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஆனால் 11/8 நல்ல விலையா, 7/5 நல்ல விலையா என்று கேட்டால் பழகாதவர் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும். தசம முறை இங்கேதான் கைகொடுக்கிறது. பின்னத்தை வகுத்து, அதோடு 1 கூட்டினால் தசம விகிதம். 11/8 என்பது 1.375, ஒன்று கூட்ட 2.375. 7/5 என்பது 1.40, ஒன்று கூட்ட 2.40. எனவே 7/5 கொஞ்சம் மேல். கூட்டுகிற அந்த ஒன்று நாம் கட்டிய பணம். தசம எண் லாபத்தை மட்டும் சொல்வதில்லை. ஒரு ரூபாய் கட்டினால் மொத்தம் கைக்கு எவ்வளவு வரும் என்று சொல்கிறது. 4.50 என்றால் 100 ரூபாய்க்கு 450 ரூபாய். ஒரு பெருக்கலில் முடிந்துவிடும்.

பெரும்பாலான தவறுகள் இந்த ஒன்றில்தான் நடக்கின்றன. 5/1 என்பதைப் பார்த்ததும் 5.00 என்று நினைத்துவிடுவது இயல்பு. அது 6.00. எதிர்த்திசையிலும் இப்படியே: 3.00 என்று பார்த்துவிட்டு மூன்று மடங்கு லாபம் என்று எண்ணினால் ஏமாற்றம். லாபம் இரண்டு மடங்கு, அதாவது 2/1. பின்னமாக்க வேண்டுமானால் ஒன்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பின்னமாக எழுத வேண்டும். 1.40 என்றால் மிச்சம் 0.40, அதாவது 2/5.

அமெரிக்க முறைதான் முதலில் பார்ப்பவரை மிரட்டும். கூட்டல், கழித்தல் குறிகளோடு மூன்று இலக்க எண். இதில் எல்லாம் நூறு டாலரைச் சுற்றி நடக்கிறது. கூட்டல் குறி இருந்தால், 100 டாலர் கட்டியவருக்கு அந்த எண் அளவு லாபம். +350 என்றால் நூறுக்கு 350. கழித்தல் குறி இருந்தால் கேள்வி தலைகீழாகிறது: 100 டாலர் லாபம் பார்க்க எவ்வளவு கட்ட வேண்டும்? -150 என்றால் 150 டாலர் கட்டினால் 100 டாலர் லாபம். கழித்தல் குறிக்கு நஷ்டம் என்ற பொருளே இல்லை. அந்தப் பக்கம் ஃபேவரிட் என்பதற்கான அடையாளம் அது, அவ்வளவுதான்.

மாற்றுவதற்கு வழி தசமம் மூலமாகப் போவதே. தசம எண்ணில் ஒன்றைக் கழியுங்கள். மிச்சம் 1 அல்லது அதற்கு மேல் என்றால் நூறால் பெருக்கிக் கூட்டல் குறி போட வேண்டும். 4.50 இப்படி +350 ஆகிறது. மிச்சம் 1க்குக் கீழே என்றால் நூறை அந்த மிச்சத்தால் வகுத்துக் கழித்தல் குறி போட வேண்டும். 1.40இல் மிச்சம் 0.40, நூறை அதால் வகுத்தால் 250, ஆகவே -250. செக்ரடேரியட்டின் 1/10 தசமத்தில் 1.10, அமெரிக்க முறையில் -1000. சமப் பந்தயமான ஈவன்ஸ் 2.00 ஆகவும் +100 ஆகவும் வரும். கவனித்தால் அமெரிக்க முறையில் -100க்கும் +100க்கும் இடையே எந்த எண்ணும் கிடையாது. +60 என்று எங்காவது கண்டால் அது அச்சுப் பிழை.

இனி நிகழ்தகவு. ஒரு விகிதம் எவ்வளவு வாய்ப்பைச் சுட்டுகிறது என்பதைச் சூத்திரத்தில் தொடங்காமல், கைக்கு நஷ்டம் வராத புள்ளி எது என்று கேட்டுத் தொடங்குவது எளிது. 7/2, அதாவது 4.50 விகிதத்தில் ஒருவர் 100 ரூபாய் வீதம் ஒன்பது முறை கட்டுகிறார். மொத்தம் 900 ரூபாய். இரண்டு முறை ஜெயித்தால் 450, 450 என்று 900 ரூபாய் திரும்பி வரும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆகவே அந்த விகிதம் சுட்டும் நிகழ்தகவு ஒன்பதில் இரண்டு, 22.2 சதவீதம். அதைவிட அடிக்கடி ஜெயிக்கும் என்று நினைப்பவருக்கு அந்த விலை லாபம். குறைவாக ஜெயிக்கும் என்று நினைப்பவருக்கு நஷ்டம்.

தசம முறையில் இதைக் கண்டுபிடிக்க ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் போதும். 1 ÷ 4.50 = 0.222. பின்ன முறையில் கீழ் எண்ணை, இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: 2 ÷ (7 + 2). அமெரிக்க முறையில் கூட்டல் குறி என்றால் நூறை, நூறும் அந்த எண்ணும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும்: 100 ÷ 450. கழித்தல் குறி என்றால் அந்த எண்ணையே அந்தத் தொகையால் வகுக்க வேண்டும். -150க்கு 150 ÷ 250, அதாவது 60 சதவீதம். அதே 4/6 விகிதத்துக்கும் 6 ÷ 10, அறுபதுதான்.

இங்கேயும் அந்த ஒன்று காலை வாரும். ஹெடிங்லியின் 500/1 சுட்டிய வாய்ப்பு ஐந்நூறில் ஒன்று அல்ல, ஐந்நூற்றொன்றில் ஒன்று. அவ்வளவு பெரிய எண்ணில் வித்தியாசம் தூசு, இரண்டுமே 0.2 சதவீதம்தான். ஆனால் 2/1இல் இதே தவறைச் செய்தால் 33.3 சதவீதம் என்பது 50 சதவீதமாகிவிடும். அந்த அளவு தவறு மொத்தப் புரிதலையும் கவிழ்த்துவிடும்.

500/1 அன்று நியாயமான விலையா? அதுவரையிலான டெஸ்ட் வரலாற்றில் ஃபாலோ ஆன் ஆடிய அணி ஜெயித்தது ஒரே ஒரு முறை, 1894இல் சிட்னியில். அபூர்வம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 500 விலை, பந்தயக்காரர்களைச் சுண்டியிழுக்க வைத்த விளம்பரமாகவும் இருந்தது என்று சந்தேகிக்க இடமுண்டு. ஒரு முழு இன்னிங்ஸ் மீதமிருக்கும் போட்டியில் 0.2 சதவீதம் என்பது மிகக் கறாரான மதிப்பீடு.

விகிதத்தை நிகழ்தகவாக மாற்றத் தெரிந்தவருக்குத்தான் புக்கியின் வருமானம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒரு கால்பந்துப் போட்டியை எடுத்துக்கொள்ளலாம். சொந்த மைதான அணி ஜெயிக்க 11/10, டிரா 12/5, எதிரணி ஜெயிக்க 13/5 என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்காக வைத்த விலைதான், ஆனால் சாதாரணமாகக் காணக்கூடிய வகையைச் சேர்ந்தது. தசமத்தில் 2.10, 3.40, 3.60. அமெரிக்க முறையில் +110, +240, +260. ஒன்றை ஒவ்வொன்றாலும் வகுத்தால் 47.62, 29.41, 27.78 சதவீதம்.

மூன்றையும் கூட்டிப் பார்த்தால் 104.81 வருகிறது.

ஒரு போட்டிக்கு இந்த மூன்று முடிவுகளைத் தவிர வேறு வழியில்லை. எனவே உண்மையான நிகழ்தகவுகள் கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். மிஞ்சிய 4.81 தான் புக்கியின் பங்கு. கடைக்காரர் எடைக்கல்லைக் கொஞ்சம் தேய்த்து வைத்திருப்பதைப் போல, ஒவ்வொரு விலையும் நியாயமானதைவிடச் சற்றுக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. பணமாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். எந்த முடிவு வந்தாலும் சரியாக 1,000 ரூபாய் கொடுக்க வேண்டிவரும்படி மூன்று பக்கமும் பணம் வந்தால், புக்கி முதல் முடிவுக்கு 476, இரண்டாவதற்கு 294, மூன்றாவதற்கு 278 ரூபாய் வாங்கியிருப்பார். மொத்தம் 1,048. யார் ஜெயித்தாலும் 1,000 கொடுத்துவிட்டு 48 ரூபாயைப் பெட்டியில் போட்டுக்கொள்வார். கட்டுபவர் பக்கம் நின்று பார்த்தால், நூறு ரூபாய்க்குச் சராசரியாக 95 ரூபாய் 40 காசுதான் திரும்பும்.

அமெரிக்காவில் இந்தப் பங்கு இன்னும் வெளிப்படையாக ஒரு எண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே கால்பந்தில் பலமான அணிக்குச் சில புள்ளிகள் கழித்து, இரு பக்கமும் சமமாகும்படி அமைத்து, இரண்டு பக்கத்துக்கும் ஒரே விலை போடுவார்கள். அந்த வழக்கமான விலை -110. நூறு ஜெயிக்க நூற்றுப் பத்து. நிகழ்தகவாக்கினால் 110 ÷ 210, அதாவது 52.38 சதவீதம். இரண்டு பக்கமும் சேர்ந்து 104.76. பூவா தலையா போல இருக்கும் ஒரு விஷயத்தில் பாதிக்குப் பாதி சரியாகச் சொல்பவரும் நஷ்டப்படுவார். நூறில் ஐம்பத்திரண்டு முறை சரியாகச் சொல்பவர்கூட நஷ்டம்தான். ஐம்பத்து மூன்று முறை சொன்னால்தான் தலை தண்ணீருக்கு மேலே வரும்.

-110ஐ மாற்றும்போது இன்னொரு சின்னச் சிக்கல் தெரியவரும். நூறை நூற்றுப் பத்தால் வகுத்தால் 0.909090… என்று போய்க்கொண்டே இருக்கும். பின்ன முறையில் 10/11 என்று சுத்தமாக எழுதிவிடலாம். தசமத்தில் 1.91 என்று முழுமையாக்குகிறார்கள். 1.91ஐத் திரும்ப அமெரிக்க முறைக்குக் கொண்டுபோனால் -109.9 வருகிறது. வித்தியாசம் சில்லறைதான், ஆனால் ஒரு பந்தயத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் திரும்பக் கொண்டுவரும்போது எண் அசைந்தால், கணக்குத் தப்பாகிவிட்டது என்று பதற வேண்டாம். 2022இல் கென்டக்கி டெர்பியில் ரிச் ஸ்டிரைக் என்ற குதிரை ஜெயித்தபோது செய்தியெல்லாம் 80/1 என்றது. 2 டாலர் சீட்டுக்கு உண்மையில் கிடைத்தது 163 டாலர் 60 சென்ட். வகுத்தால் தசம விகிதம் 81.80; பின்னமாக்கினால் 80.80க்கு ஒன்று. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்ததைத் தலைப்பு விழுங்கிவிட்டது.

இப்போது 104.81ஐ நூறாக்குவது எப்படி என்ற கேள்வி. எளிய வழி, ஒவ்வொரு சதவீதத்தையும் 104.81ஆல் வகுத்து நூறால் பெருக்குவது. நமது உதாரணத்தில் 47.62 என்பது 45.4 ஆகும், டிரா 28.1, எதிரணி 26.5. சொந்த மைதான அணிக்கு 48 சதவீத வாய்ப்பு என்று பேசுவதைவிட 45 என்று பேசுவது உண்மைக்கு நெருக்கம். செய்தியில் ஒரு வேட்பாளருக்கோ அணிக்கோ இத்தனை சதவீத வாய்ப்பு என்று பந்தய விகிதத்தை வைத்து எழுதியிருந்தால், இந்தக் கழிவு செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. பல சமயம் செய்திருக்க மாட்டார்கள்.

இந்த எளிய வழியில் ஒரு குறை உண்டு. புக்கி தன் பங்கை எல்லா முடிவுகள் மேலும் சமமாகத் தூவுகிறார் என்று அது நம்புகிறது. நடப்பு அப்படியில்லை. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் கிரிஃபித் 1949இல் குதிரைப் பந்தய முடிவுகளை அலசி ஒன்றைக் காட்டினார். ஜெயிக்க வாய்ப்பே இல்லாத குதிரைகள் மேல் ஜனங்கள் தேவைக்கு மேல் பணம் கட்டுகிறார்கள். ஃபேவரிட்கள் மேல் தேவையைவிடக் குறைவாகக் கட்டுகிறார்கள். சிறு தொகை கட்டிப் பெரும் பணம் பார்க்கும் ஆசைக்கு ஆள் கிடைப்பதால், நீண்ட விலைகளில் கழிவு அதிகமாக ஒளிந்திருக்கிறது. பிற்காலத்தில் பலர் பல பந்தயச் சந்தைகளில் இதே போக்கைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே 100/1 என்ற விலையைக் கணக்குப் போட்டு ‘சுமார் ஒரு சதவீதம்’ என்று சொன்னால், உண்மை பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். 2015-16 பருவத் தொடக்கத்தில் லெஸ்டர் சிட்டி அணி இங்கிலாந்து பிரீமியர் லீக்கை வெல்ல 5000/1 கொடுத்தார்கள். தசமத்தில் 5001, அமெரிக்க முறையில் +500000, நிகழ்தகவில் 0.02 சதவீதம். கிளாடியோ ரனியேரியின் அணி 2016 மே மாதம் கோப்பையைத் தூக்கியது. 5000/1 என்ற விலையை யாரோ நுணுக்கமாகக் கணக்கிட்டு வந்தார்கள் என்று நம்புவதற்கில்லை. நீண்ட விலைகளின் கோடியில் எண்கள் பெரிதாகக் குதிக்கும், நிகழ்தகவு அசையவே அசையாது. 5000/1ஐப் பாதியாக்கி 2500/1 என்று எழுதியிருந்தாலும் சுட்டும் வாய்ப்பு 0.04 சதவீதம்தான்; கூடியது ஒரு சதவீதத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அதே சமயம் நடுவில், ஈவன்ஸ் என்பது 4/6 ஆகச் சுருங்கினால் 50 சதவீதம் 60 ஆகிறது. தசமத்தில் பார்த்தால் 2.00 என்பது 1.67 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். செய்தியில் ஒரு விலை ‘ஆயிரத்திலிருந்து ஐந்நூறுக்கு இறங்கியது’ என்று வந்தால் நடந்திருப்பது 0.1 சதவீத நகர்வு, ‘1.80லிருந்து 1.60க்கு வந்தது’ என்றால் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடியிருக்கிறது.